மூன்று தவணையும் ஒரு நதியும்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது கடிதம். நெருப்பு, சக்கரம், மின்சாரம் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அந்தக் கடிதத்தை எழுதவேண்டிய முறையில் எழுதத் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். அவர் குஷன் கடை வைத்திருக்கிறார்.

இந்தக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே என்பதால் இதில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

கல்லூரி விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று அவர் எழுதிய ஆறு பக்க மனுவைப் படித்து வார்டன் கண்கலங்கினார் என்பது வரலாறு. தண்ணீர் வந்ததா என்பது வரலாற்றில் இல்லை. அன்றைக்கு நண்பர்கள் சூட்டிய பட்டம் ‘கடிதப்புலி.’ இருபது வருடத்தில் கடிதம் உதிர்ந்து புலி மட்டும் மிஞ்சியது. கடைத்தெருவில் எல்லோரும் புலி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்துப் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதை யாராவது பாராட்டினால் அவருக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். உலகம் தன்னைத் தவறான துறையில் மெச்சுகிறதே என்று.

இப்போது அவருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டிய வேளை வந்திருந்தது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஓட்டலின் கூட்ட அரங்குக்கு நூற்று நாற்பது நாற்காலிகள். அத்தனைக்கும் பழைய ரெக்சினை உரித்துவிட்டு மெரூன் நிற வெல்வெட் போடவேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை வருகிற ஆர்டர். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். மீதி, எல்லா நாற்காலியும் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் இருபதாம் தேதி. முன்பணம் ஸ்பாஞ்சிலேயே கரைந்தது. வெல்வெட்டுக்குக் கையிருப்பு கரைந்தது. நூலுக்கும் ஆணிக்கும் உண்டியல் கரைந்தது. அந்த நேரம் பார்த்து மகளின் பள்ளியிலிருந்து இரண்டாம் பருவக் கட்டண அறிக்கை வந்தது. முப்பத்தாறாயிரம். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தவணை கேட்பவர்கள் கடைசித் தேதிக்கு முன் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்.

அந்த ஒரு வரியைப் படித்ததும் புலியின் முகத்தில் படர்ந்த ஒளியைப் பார்த்தால், பணக் கஷ்டம் வந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“எழுத்து மூலம்னு போட்டிருக்கான் பாத்தியா?” என்றார் மனைவியிடம். “வேற எவனுக்கோ இது கஷ்டம். எனக்கு இது அழைப்பு.”

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். பகல் முழுக்க மருந்துப் பொட்டலத்தின் மேல் எத்தனை, எப்போது என்று எழுதி எழுதி, எதையும் அதற்கு மேல் நீட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை. கறிகாய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

“இப்ப என் சம்பளத்துல பன்னிரண்டாயிரம் கட்டுறோம். அடுத்த மாசம் பன்னிரண்டு, அதுக்கடுத்த மாசம் பன்னிரண்டு. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாலு வரி. முடிஞ்சுது.”

புலி சிரித்தார். பரிதாபத்தில் பிறந்த சிரிப்பு.

“இது கடிதமா, மருந்துச் சீட்டா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்னு. படிக்கிறவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா? நம்பரப் போட்டு தேதியப் போடுறதுக்கு எதுக்கு மனுஷன்? கால்குலேட்டர் எழுதிடும்.”

“கால்குலேட்டர் எழுதினா தப்பில்லாம இருக்கும்,” என்றார் மனைவி.

மகள் ஏழாம் வகுப்பு. விடுமுறையில் வீட்டில் இருந்தாள். கூடத்தில் அடுக்கி வைத்திருந்த வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தவள், தலை தூக்காமல் சொன்னாள்.

“அப்பா, போன பருவத்துல கட்டாதவங்க பேரை முதல் நாளே வகுப்புல வாசிச்சாங்க. புத்தகம் தரல. ஆபீசுக்குப் போய்ட்டு வான்னு அனுப்பினாங்க. என் பின்னாடி உக்கார்ற பொண்ணு போனா. போறப்ப வாட்டர் பாட்டிலையும் எடுத்துட்டுப் போனா. திரும்பி வரச் சொல்லுவாங்களோ மாட்டாங்களோன்னு.”

மறுபடி வரையத் தொடங்கினாள். புலி நாள்காட்டியைப் பார்த்தார். பள்ளி அடுத்த திங்கட்கிழமை திறக்கிறது. அதற்குள் அலுவலகம் தவணைக்குச் சம்மதிக்கவேண்டும். தன் மகள் வாட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கக்கூடாது. அவ்வளவுதான் வேண்டும்.

“உன் பேரை எவனும் வாசிக்க மாட்டான்,” என்றார். “அப்பா எழுதப் போற கடிதத்தப் படிச்சுட்டு, பிரின்சிபாலே வாசல்ல நின்னு உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க.”

“அது அதைவிட மோசம்,” என்றாள் மகள்.

இந்தத் திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் விடுப்பு. நாற்காலிகள் காத்திருந்தன. புலி எழுதினார். முதல் பக்கத்தில் கல்வியின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் உழைப்பாளியின் கண்ணீர். ‘எங்கள் வீட்டு அடுப்பில் பூனை உறங்குகிறது’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் தானே ரசித்தார். அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அவர் கவனிக்கவில்லை. ‘என் துணைவி என்னும் விளக்கு எண்ணெயின்றித் துடிக்கிறது’ என்பது அதற்கு அடுத்த வரி. மூன்றாம் பக்கத்தில்தான் கோரிக்கை. ஆனால் தவணை என்ற சொல்லை எழுதக் கை கூசியது. தையல் மிஷின் வாங்குகிறவன் பேசுகிற சொல் அது. யோசித்து யோசித்து, ‘நதி கடலை ஒரே நாளில் சேர்வதில்லை’ என்று எழுதினார். படித்தவர்களுக்குப் புரியாதா என்ன? நான்காம் பக்கம் முழுக்க வணக்கம்.

“என் பேரு எழுதினீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“ஒரு தகப்பன்னு எழுதியிருக்கேன். அதுல எல்லாத் தகப்பனும் அடக்கம்.”

“எல்லாத் தகப்பனுக்கும் நான் பொண்ணு இல்லையே.”

உறையை ஒட்டிவிட்டார். மனைவி படித்துப் பார்க்கக் கேட்டபோது, அச்சில் வரும்போது படிக்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்பின் கீழே அரைவட்டமாக வெட்டியிருந்த சந்தின் வழியே உறையை உள்ளே தள்ளினார். உள்ளே கட்டணம் வசூலிக்கும் கணக்கு மேடம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. உறையின் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

“உள்ள என்ன சார், சொத்துப் பத்திரமா?”

“படிச்சுப் பாருங்க,” என்றார் புலி, “தனியா இருக்கிற நேரமா.”

அனுப்புநர் பெயரை மட்டும் உறையின் மேல் எழுதி வாங்கிக்கொண்டார் மேடம். புலி வெளியே வந்தபோது நடையே வேறாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி. புலி பின்கட்டில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வெல்வெட்டின் ஓரத்தை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். குஷன் வேலைக்காரர்கள் குட்டி ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கால் ஒன்றொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்த சுத்தியலின் நுனியால் எடுத்து அடிப்பார்கள். வேகம் வேண்டுமென்றால் இதுதான் வழி. அப்போது பேச முடியாது. புலியின் நாளில் அவர் பேசாமல் இருக்கும் நேரம் இது ஒன்றுதான். வீட்டில் அனைவருக்கும் பிடித்த நேரமும் இதுதான்.

வாசல் மணி அடித்தது. மனைவி திறந்தார். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மகளுக்குப் பாடம் எடுக்கும் கணக்கு டீச்சர். மகள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே நிமிர்ந்து உட்கார்ந்ததிலிருந்தே அது தெரிந்தது. இன்னொருவர் விளையாட்டு ஆசிரியர். தோளில் ஒரு மூட்டை சுமந்திருந்தார். அதிலிருந்து எண்ணெய் பாட்டிலின் கழுத்து எட்டிப் பார்த்தது.

“அம்மா,” என்றார் விளையாட்டு ஆசிரியர், மைதானத்தில் பேசிப் பழகிய குரலைக் கஷ்டப்பட்டு இறக்கி, “தைரியமா இருங்க.”

“இருக்கேனே. எதுக்கு?”

“நீங்கதானா அந்த... அவரோட துணைவி?”

“ஆமா.”

அவர் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, கையில் ஒரு தட்டு நிறைய சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்கோடு நின்றிருந்த அந்த விளக்கு, எண்ணெயின்றித் துடிப்பதாகத் தெரியவில்லை. எண்ணெய் சற்று அதிகம் என்றுதான் தோன்றியது.

“பள்ளியோட உதவி நிதிக் குழுவிலேர்ந்து வர்றோம்,” என்றார் கணக்கு டீச்சர். “உங்க வீட்டுக்காரர் கடிதம் நேத்து ஆபீஸ்ல எல்லாரையும் அழ வச்சிடுச்சு. பியூன்கூட அழுதாரு, அவர் படிக்கவே இல்ல, மத்தவங்க அழறதப் பாத்தே. பொதுவா குழு பருவக் கடைசிலதான் கூடும், வீட்டப் பாக்க வர்றது அதுக்கப்புறம். இது அவசரம்னு மேல எழுதிட்டாங்க. அதான் முதல்ல கொஞ்சம் மளிகை எடுத்துட்டு வந்தோம்.”

“உள்ள வாங்க,” என்றார் மனைவி. அவர் குரலில் ஒன்றும் இல்லை. புலியை அறிந்தவர்களுக்கு, அந்த ஒன்றுமில்லாத குரல்தான் பயம்.

உள்ளே வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கடையில் இடமில்லாததால் முடிந்த நாற்காலிகளில் இருபத்திரண்டை வீட்டுக் கூடத்தில் இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார் புலி. மெரூன் வெல்வெட், பொன்னிறக் கால்கள். மேலே டியூப்லைட் பட்டு ஜொலித்தது. பட்டாபிஷேகத்துக்கு ராஜா வரத் தாமதம் என்பதுபோல் கிடந்தது கூடம். விளையாட்டு ஆசிரியர் மூட்டையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுமந்துகொண்டே நின்றார்.

“உக்காருங்க,” என்றார் மனைவி. “எதுல வேணும்னாலும்.”

பேச்சுக்குரல் கேட்டுப் புலி பின்கட்டிலிருந்து வந்தார். வாய் நிறைய ஆணி.

“சார்,” என்று எழுந்தார் கணக்கு டீச்சர், “நீங்கதானா? எப்படி எழுதியிருக்கீங்க சார். அடுப்புல பூனை தூங்குதுன்னு படிச்சதும் எனக்கு...”

“ம்ம்,” என்றார் புலி.

“பூனையா?” என்றார் மனைவி. “எங்க வீட்டுலயா?”

“ம்ம்ம்,” என்றார் புலி, கையை ஆட்டி.

“அதுக்கடுத்த வரி இவங்களப் பத்திதான்,” என்றார் விளையாட்டு ஆசிரியர். உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தில் சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து, வாக்கியம் முடியும் இடம் தெரியாமல் ஒரே மூச்சில் வாசித்தார். எண்ணெய், விளக்கு, துடிப்பு எல்லாம் கூடத்தில் ஒலித்தது. இருபத்திரண்டு நாற்காலிகளும் கேட்டன.

உலகில் கடிதம் எழுதத் தெரிந்த ஒரே மனிதர், தன் வாழ்க்கையின் மிக முக்கியமான விளக்கத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில், உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து, ஒவ்வோர் ஆணியாகத் துப்பிக்கொண்டிருந்தார். முப்பது நாற்பது இருந்திருக்கும். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். மகள் எண்ணினாள்.

“நான் உதவி கேக்கலையே,” என்றார் கடைசி ஆணி விழுந்ததும். “தவணைதான் கேட்டேன்.”

கணக்கு டீச்சர் நகலை வாங்கி நான்கு பக்கத்தையும் திருப்பினார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து.

“எங்க சார்?”

“மூணாவது பக்கம். நதி கடலை ஒரே நாள்ல சேர்றதில்லைன்னு.”

டீச்சர் அந்த வரியைப் பார்த்தார். விளையாட்டு ஆசிரியரைப் பார்த்தார்.

“நாங்க நதி வத்திப்போச்சுன்னு எடுத்துக்கிட்டோம்,” என்றார்.

“நான் வெள்ளத்துல வீடு போயிடுச்சுன்னு நெனச்சேன்,” என்றார் விளையாட்டு ஆசிரியர். “அதான் மெழுகுவத்தியும் சேர்த்து வச்சிருக்கேன்.”

“சார், இந்த நாலு பக்கத்துல ஒரு எண்ணுகூட இல்ல,” என்றார் டீச்சர். குரலில் தொழில்முறை வருத்தம் இருந்தது. “பக்க எண்கூடப் போடல. பொண்ணு பேரு இல்ல, வகுப்பு இல்ல. உறை மேல உங்க பேரு இருந்ததால ஆபீஸ்ல பழைய ரசீதெல்லாம் தேடி இவ வீடுன்னு கண்டுபிடிச்சாங்க.”

“சொன்னேன்ல,” என்றாள் மகள்.

அடக்கிப் பார்த்தும் முடியாமல், மனைவிதான் முதலில் சிரித்தார். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எண்ணெயில்லாத விளக்கு,” என்று ஆரம்பிப்பார், முடிக்க முடியாது. டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. விளையாட்டு ஆசிரியர் சிரித்த சிரிப்பு நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். கடைசியில் புலியும் சிரித்தார். வேறு வழியில்லை.

டீயும் பொரித்த உருளைக்கிழங்கும் வந்தன. ஆளுக்கொரு சிம்மாசனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெல்வெட்டில் எண்ணெய் படாமல் இருக்கப் புலி ஒவ்வொருவர் மடியிலும் பழைய செய்தித்தாளை விரித்தார்.

“ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு,” என்றார் டீச்சர், கோப்பையைக் கீழே வைத்து. “உங்க கடிதம் உதவி நிதிக் கோப்புல போயிடுச்சு. அந்தக் கோப்புல இருந்தா கட்டணக் கணக்க நிறுத்தி வைப்பாங்க. குழு கூடி முடிவு சொல்ற வரைக்கும் கட்டினவங்க பட்டியல்லயும் பேரு வராது, தவணைக்காரங்க பட்டியல்லயும் வராது. திங்கட்கிழமை வகுப்புக்கு வர்றது அந்த ரெண்டு பட்டியல்தான்.”

கூடத்தில் சிரிப்பு நின்றது. மகள் உருளைக்கிழங்கை வாயருகே கொண்டுபோய்விட்டு, தட்டிலேயே வைத்தாள்.

“அப்ப ரெண்டுலயும் இல்லாதவங்க பேரை வாசிப்பாங்களா மிஸ்?”

டீச்சர் அவள் பக்கமிருந்து திரும்பினார். புலியைப் பார்த்துச் சொன்னார். “நாளைக்கே போங்க சார். அதை வாபஸ் வாங்கிட்டு, தவணைக்குத் தனியா ஒண்ணு எழுதிக் குடுங்க. வெள்ளி நாலு மணிக்குப் பட்டியல மூடிடுவாங்க. பிரின்சிபால் வெள்ளிக்கிழமை வெளியூர் போறாங்க. அதனால உங்களுக்கு நாளைக்கு ஒரு நாள்தான்.”

விளையாட்டு ஆசிரியர் மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றினார். வாசலில் நின்று திரும்பினார்.

“சார், மளிகை வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுக்கணும். கணக்குல காட்டணும்.” கொஞ்சம் தயங்கி, “ஒரே ஒரு வரி சார்,” என்றார்.

வியாழக்கிழமை கடையைத் திறக்காமலே புலி பள்ளிக்குப் போனார். அலுவலகத்தில் மூன்று நான்கு பெற்றோர் வரிசையில் நின்றார்கள். தன் முறை வந்ததும் கண்ணாடிச் சந்தில் குனிந்தார். கணக்கு மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சர் சொன்னாங்க. நல்ல ஆளு சார் நீங்க. இருபத்தாறு வருஷமா இந்த சீட்ல இருக்கேன், ஒரு கட்டணக் கடிதத்தப் படிச்சு அழுதது இதுதான் முதல் தடவ.”

புலியின் நெஞ்சு சற்று நிமிர்ந்தது.

“ரெண்டாம் பக்கத்த மட்டும் நான் ஒரு நகல் எடுத்து வச்சுக்கலாமா? என் நாத்தனாருக்குக் காட்டணும். அவங்களுக்கு எதுக்குமே அழுகை வராது.”

“தாராளமா,” என்றார் புலி. நெஞ்சு இன்னும் நிமிர்ந்தது.

“சந்தோஷம். இப்ப இந்தாங்க.” சந்தின் வழியே ஒரு வெள்ளைத் தாள் வந்தது. “உங்க பொண்ணு பேரு, வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண். மொத்தம் எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு, மீதி எந்தெந்தத் தேதில எவ்வளவு. எதனாலன்னு ஒரு வரி, அதுக்கு ஒரு அத்தாட்சி. கையெழுத்து. பழைய கடிதத்த வாபஸ் வாங்குறேன்னு கீழ ஒரு வரி.”

புலி பெஞ்சில் உட்கார்ந்தார். ஓட்டல் ஆர்டர் வைத்திருந்த பழைய ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல் தாளை விரித்தார். பேனா தன் பழக்கப்படி ஓடியது. ‘அறிவென்னும் ஆலயத்தின்’ என்று இரண்டு சொல் விழுந்தது.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, அடுத்தவருக்கு ரசீது கிழித்துக்கொண்டே, தலை தூக்காமல் மேடம் சொன்னார்.

“ஆலயம் எல்லாம் வேண்டாம் சார்.”

எப்படித் தெரிந்தது என்று புலி கேட்கவில்லை. அடித்துவிட்டு அதன் கீழே மகளின் பெயரை எழுதினார். வகுப்பு எழுதினார். பிரிவு ‘ஆ’வா ‘இ’யா என்று யோசித்து ‘இ’ என்று போட்டார். சேர்க்கை எண் என்ற இடத்தில் பேனா நின்றது. நான்கு பக்கம் நிற்காமல் ஓடிய பேனா. எழுந்து வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். மருந்துக்கடையில் யாரோ இருமுகிற சத்தத்துக்கு நடுவே, மனைவி ஒரு நொடி யோசிக்காமல் ஆறு இலக்கத்தைச் சொன்னார்.

“பிரிவு ஆ,” என்று சேர்த்தார், கேட்காமலே. “வேற?”

“வேற ஒண்ணும் இல்ல,” என்றார் புலி.

“சரி. விளக்கு போன வைக்குது.”

திரும்பி வந்து ‘இ’யை அடித்து ‘ஆ’ எழுதினார். சேர்க்கை எண், தொகை, தவணைத் தேதிகள் எல்லாம் போட்டார். ஓட்டல் ஆர்டரைத் தாளோடு சேர்த்துப் பின் பண்ணிச் சந்தில் நீட்டினார். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்டரை ஒரு தடவை, தாளை ஒரு தடவை பார்த்தார்.

“ஓட்டல்காரர் இருபதாம் தேதி தர்றதா சொல்லியிருக்காரு. நீங்களும் இருபதுன்னே போட்டிருக்கீங்க.”

“அன்னைக்கே வாங்கி அன்னைக்கே கட்டிடுவேன் மேடம்.”

“இருபதாம் தேதி தர்றேன்னு சொன்னவங்க யாராவது இருபதாம் தேதி தந்து பாத்திருக்கீங்களா? இருபத்தஞ்சுன்னு போடுங்க. அதுக்கடுத்தது பத்தாம் தேதி. பருவத் தேர்வுக்கு முன்னாடி முடிஞ்சிடணும், அதுதான் விதி. ஒரு தவணை தேதி தாண்டினா முழுசும் ரத்து. அபராதத்தோட மொத்தமா கேப்பாங்க. அதனால முடியற தேதியப் போடுங்க, ஆசைப்படுற தேதியப் போடாதீங்க.”

இருபதை அடித்து இருபத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டார் புலி. இதுவரை அவர் எழுதியதில் யாரும் ஒரு தேதியைத் திருத்தியதில்லை. தேதியே இருந்ததில்லை என்பது வேறு.

மேடம் கணினியில் மகளின் பழைய கணக்கைத் திறந்தார். முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பருவமும் தேதிக்குள் கட்டியிருந்தது. “இது போதும்,” என்று முணுமுணுத்து, தாளின் ஓரத்தில் ‘இதுவரை பாக்கி இல்லை’ என்று எழுதி முத்திரையிட்டார். பியூன் தாளை வாங்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனார். போகும்போது புலியைப் பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. புலிக்கு அது நான்கு பக்கம் போல நீண்டது. பிரின்சிபால் ஒத்துக்கொள்ளாவிட்டால்? நாற்காலிகள் ஓட்டலுடையவை என்பதையும் மறந்து, அவற்றில் பத்தை அப்படியே யாருக்காவது விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார். அறைக்கதவு திறந்தது. தாளின் அடியில் பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதன் மேல் ஒரே சொல்: ‘சரி.’

புலி அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு எழுத்து. அவரால் எழுத முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீது வந்தது. தவணைத் தேதிகள் போட்ட நகல் முத்திரையோடு வந்தது. மேடம் இன்னொரு தாளை எடுத்து, ‘தவணை அனுமதி’ என்று தலைப்பிட்டிருந்த பட்டியலில் பதினேழாவது வரியில் மகளின் பெயரை எழுதினார். கண்ணாடி வழியே தலைகீழாகத் தெரிந்த அந்தப் பெயரைப் புலி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். சரியாக இருந்தது. ஆ பிரிவு.

“திங்கட்கிழமை புத்தகம் கையில வந்துடும்,” என்றார் மேடம். “பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.”

புலி வெளித் தாழ்வாரத்துக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

“ஆச்சு,” என்றார்.

 மகள் கேட்டாள். “என்ன அப்பா, அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“பதினேழாவது பேரு.”

“ஐயோ, போதும் போதும்,” என்று சிரித்தாள். நாற்காலியில் குதிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. ஸ்பாஞ்ச் அமுங்கி எழும் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். இறங்கு என்று சொல்ல வாயெடுத்து, இன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார்.

கிளம்பும்போது பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட டாக்சி டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைத் தாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்று அவர் தயங்கி எழுந்தார். “நீங்கதானா அந்தக் கடிதம் எழுதினவரு? பியூன் சொன்னாரு. ஆபீசே அழுதுதாமே.”

புலி தலையை மட்டும் ஆட்டினார்.

“என் வண்டி இஞ்சின் வேலைக்குப் போயிருக்கு, வர ஒரு மாசம் ஆகும். ரெண்டு பசங்க இங்கதான் படிக்கிறாங்க. எனக்கு எழுத வராது. நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணே. நல்லா உருக்கமா.”

புலி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாங்கினார். மடியில் ஃபைலை வைத்து, பேனாவைத் திறந்து, ஓரத்தில் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு இழுத்தார்.

“பசங்க சேர்க்கை எண் தெரியுமா?”